மூணாம் நாள் என்றால் எத்தனை மணி நேரம்?

பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு செய்கிற ஆய்வுகளைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. "ரெட்ரோஸ்பெக்டிவ்தானே சார், இருக்கிறதை எழுத வேண்டியதுதான்." இதை நான் பல பி.ஜி. டாக்டர்கள் வாயால் கேட்டிருக்கிறேன். நானும் அதை ஒப்புக்கொள்கிறவன்தான். ஆனால் இருக்கிறதைத்தான் எழுதுகிறோமா என்ற சந்தேகம் ரொம்ப நாளாக மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலை பற்றிய ஒரு தீசிஸுக்கு டேட்டா ஷீட் பார்த்துக் கொடுத்தபோதுதான் அந்த உறுத்தலுக்கு ஒரு உருவம் கிடைத்தது.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் புள்ளிவிவரப் பிரிவில் வேலை. கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். தீசிஸ் எழுதுகிற பி.ஜி.க்கள் எக்செல் ஷீட்டோடு வருவார்கள். பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகு, சமர்ப்பிக்கும் தேதி நெருங்கும்போது. "பி வேல்யூ மட்டும் போட்டுக் குடுங்க சார்" என்பதுதான் முதல் வாக்கியமாக இருக்கும். குழந்தைகள் பிரிவிலிருந்து வந்த அந்த டாக்டர் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டார். போட்டோதெரபி, அதாவது காமாலைக்கு விளக்கு வெளிச்சத்தில் சிகிச்சை, வைத்த குழந்தைகளின் கேஸ் ஷீட்டுகளில் பாதி வரை எழுதி முடித்திருந்தார். ஷீட் பார்க்க நேர்த்தியாக இருந்தது. எடை, கர்ப்ப வாரம், தாயின் ரத்த வகை, குழந்தையின் ரத்த வகை, காமாலையில் ரத்தத்தில் ஏறுகிற மஞ்சள் நிறமியான பிலிருபினின் அளவு, லைட் வைத்த நேரம், எல்லாவற்றுக்கும் ஒரு காலம், அதாவது ஷீட்டில் ஒரு நெடுவரிசை. அதில் ஒன்றின் தலைப்பு, ரத்தம் எடுத்தபோது குழந்தையின் வயது, மணியில்.

புதிதாக ஷீட் வந்தால், எண் உள்ள காலங்களை ஒரு வரைபடமாகப் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். எந்தக் கேள்வியும் கேட்பதற்கு முன்னால் அதைச் செய்துவிடுவேன். வயதுக் காலத்துக்கு வந்த படத்தில், காலி மனையில் நட்ட கம்பங்கள் மாதிரி, 24-இல் ஒன்று, 48-இல் ஒன்று, 72-இல் உயரமாக ஒன்று, 96-இல் ஒன்று. இடையில் எதுவும் இல்லை. குழந்தைகள் ராத்திரி பகல் பார்க்காமல் பிறக்கின்றன. ரத்தம் பெரும்பாலும் காலை ரவுண்டுக்கு முன்னால் எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டாலும், பிறந்த நேரம் சிதறிக் கிடப்பதால் வயதும் சிதறித்தான் இருக்க வேண்டும். இருபத்து நாலின் பெருக்கல்களில் மட்டும் குவிந்தால், யாரோ நாளை மணியாக மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கேட்டேன். "ஆமாம் சார். கேஸ் ஷீட்ல டே த்ரீன்னுதான் எழுதியிருக்கு. கைடு மணியில வேணும்னு சொன்னார். அதான் இருபத்து நாலால பெருக்கினேன். வேற என்ன பண்றது?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. டே த்ரீ என்று எழுதியது அவர் இல்லை. மூன்றையும் இருபத்து நாலையும் பெருக்கினால் எழுபத்திரண்டுதான்.

12.4 என்ற எண்

அந்த ஷீட்டில் ஒரு வரிசையை மட்டும் எடுத்து இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்தோம். அடையாளம் தெரியாமல் இருக்க இங்கே தேதிகளை மாற்றிச் சொல்கிறேன். குழந்தை பிறந்தது 12-ஆம் தேதி இரவு 11.40. ரத்தம் எடுத்தது 14-ஆம் தேதி காலை 6 மணி. மொத்த பிலிருபின் டெசிலிட்டருக்கு 12.4 மில்லிகிராம். வார்டில் பிறந்த தேதியை முதல் நாளாக எண்ணுவார்கள். அந்தக் குழந்தைக்கு முதல் நாள் என்பது வெறும் இருபது நிமிடம். 13-ஆம் தேதி இரண்டாம் நாள், 14-ஆம் தேதி மூன்றாம் நாள். காலை ரவுண்டில் டே த்ரீ என்று எழுதியவர் தப்பாக ஒன்றும் எழுதிவிடவில்லை. அவருக்கு அது போதும்; குழந்தை அவர் கண் முன்னால் கிடக்கிறது.

ஆனால் அந்த மூன்றை 72 மணி என்று ஷீட்டில் ஏற்றினால் என்ன ஆகிறது? வினோத் பூட்டானியும் உடன் பணியாற்றியவர்களும் 1999-இல் வெளியிட்ட நோமோகிராமை குழந்தை மருத்துவம் படித்த எல்லோரும் பார்த்திருப்பார்கள். கீழே வயது மணியில், பக்கத்தில் பிலிருபின், நடுவே 40, 75, 95-ஆவது சதமானக் கோடுகள். முதல் சில நாட்களுக்கு அந்தக் கோடுகள் மளமளவென்று ஏறும். 72 மணியில் 12.4 என்பது 75-ஆவது கோட்டுக்குக் கீழே, அவ்வளவு கவலைப்பட வேண்டாத பகுதியில் விழுகிறது. தேதியைக் கழித்து இரண்டு நாள், அதாவது 48 மணி என்று போட்டால் 75-க்கும் 95-க்கும் நடுவில். உண்மையான வயது 30 மணி 20 நிமிடம். அங்கே 12.4 என்பது 95-ஆவது கோட்டைத் தாண்டி மேலே நிற்கிறது.

ஒரே குழந்தை, ஒரே ரத்தம், ஒரே எண். எண்ணுகிற விதத்தைப் பொறுத்து மூன்று வேறு பகுதிகள். அந்தக் குழந்தைக்கு உடனே லைட் வைத்திருந்தார்கள். 72 மணி என்று ஏற்றிய ஷீட்டைப் பார்க்கிறவர், இந்த வார்டில் தேவையில்லாமல் லைட் வைக்கிறார்கள் என்ற முடிவுக்கு வருவார். தீசிஸின் கேள்வியும் ஏறக்குறைய அதுதான்: விதிப்படி தேவைப்பட்ட குழந்தைகளுக்குத்தான் போட்டோதெரபி கொடுக்கப்பட்டதா? அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2004-இல் போட்டு 2022-இல் திருத்திய வழிகாட்டுதலிலும் லைட் வைக்கிற அளவு மணிக்கணக்கில்தான் இருக்கிறது. வயது தப்பானால் வார்டின் மேல் பழி விழும். பழி போட்டவருக்கே அது தெரியாது.

இதில் எனக்குப் பட்டதை அன்றே அவரிடம் சொன்னேன். எழுதுகிறவரின் மனக்கணக்குக்கு ஷீட்டில் இடமே கொடுக்கக் கூடாது. வயது என்று ஒரு காலம் வைத்தால், கேஸ் ஷீட்டைப் புரட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ஒரு கணக்கைப் போட்டு விடையை மட்டும் எழுதுகிறார். அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்பது பிறகு யாருக்கும் தெரியாது. அதற்குப் பதில் பிறந்த தேதி நேரம் ஒரு காலம், ரத்தம் எடுத்த தேதி நேரம் ஒரு காலம். காகிதத்தில் இருப்பது மட்டும் ஷீட்டுக்கு வரட்டும். கழித்தலை எக்செல் செய்துகொள்ளும்.

```
=IF(OR(B2="",C2=""),"",ROUND((C2-B2)*24,1))
```

B-யில் பிறந்த நேரம், C-யில் ரத்தம் எடுத்த நேரம். மேலே சொன்ன குழந்தைக்கு இது 30.3 என்று காட்டும். விடை மைனஸில் வந்தாலோ 672-க்கு மேல் போனாலோ, அதாவது 28 நாளைத் தாண்டினாலோ, தேதியைத் தட்டியதில் ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும். அமெரிக்க முறையில் அமைத்த கணினியில் 05/03 என்று அடித்தால் அது மார்ச் ஐந்தை மே மூன்றாக எடுத்துக்கொள்ளும், சத்தமே போடாது. 14/03 என்று அடித்தால் பதினாலாவது மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒதுக்கி வைக்கும். ஒரே காலத்தில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நின்றால் இதுதான் காரணம். `yyyy-mm-dd hh:mm` என்று ஆரம்பத்திலேயே கட்டாயப்படுத்திவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

நேரம் எங்கே இருக்கிறது

"சரி சார், ஆனா பிறந்த நேரம் இந்தக் கேஸ் ஷீட்லயே இல்லையே" என்றார். நிறைய ஷீட்டுகளில் உண்மையாகவே இல்லை. பிறந்த தேதி இருக்கிறது, நேரத்துக்கான இடம் காலி.

இதற்கு வழி சொன்னது நானும் இல்லை, அவருடைய கைடும் இல்லை. பிரசவ வார்டில் பல வருஷம் இருந்துவிட்டு அப்போது குழந்தைகள் வார்டுக்கு மாறி வந்திருந்த ஒரு சிஸ்டர். டாக்டர் போய்ப் புலம்பியிருக்கிறார். "கொழந்தை ஃபைல்ல ஏம்மா தேடறீங்க? அம்மா ஃபைல்ல பாருங்க. அதுலயும் இல்லைன்னா லேபர் ரூம் ரிஜிஸ்டர்ல நிமிஷத்தோட இருக்கும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

யோசித்துப் பார்த்தால், நேரத்தை எழுதும் வேலை பிரசவம் பார்த்தவருடையது. குழந்தைக்கு அப்போது ஃபைலே இல்லை. காமாலை என்று குழந்தையை உள்ளே எடுக்கும்போதுதான் அதற்குத் தனி ஐ.பி. நம்பர் விழுகிறது, பெயர் வைக்கவில்லை என்பதால் இன்னாரின் குழந்தை என்று தாயின் பெயரில் ஒரு ஃபைல் பிறக்கிறது. இரண்டு ஃபைலும் மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் வேறு வேறு ரேக்குக்குப் போய்விடும். இணைப்பதற்கு இருப்பது தாயின் ஐ.பி. நம்பர் ஒன்றுதான். அதையும் குழந்தையின் ஃபைலில் முதல் பக்க மூலையில் பென்சிலில் கிறுக்கியிருப்பார்கள், இருந்தால். அந்த நம்பர் ஆய்வு ஷீட்டுக்குள் வரக் கூடாது. ஆய்வு எண்ணையும் ஐ.பி. நம்பரையும் சேர்த்து வைக்கிற பட்டியல் தனியாகப் பூட்டி வைத்த இடத்தில் இருக்க வேண்டும். எத்திக்ஸ் கமிட்டி, பெற்றோரிடம் சம்மதம் வாங்கத் தேவையில்லை என்று அனுமதி கொடுப்பதே அந்த நிபந்தனையின் பேரில்தான்.

ரெக்கார்ட்ஸ் அறையைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரை ஊரில் காகிதத்தின் பாடு தனி. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து ரிப்போர்ட்டில் பழுப்பு வட்டம் போட்டிருக்கும். மெஷினிலிருந்து வழவழப்பான தாளில் வந்த ரிப்போர்ட்டுகளில் எழுத்து ஆவியாகிப் போய் வெறும் வெள்ளைத் தாள்தான் ஒட்டியிருக்கும். அதே அளவை நர்ஸ் தன் குறிப்பில் பேனாவால் எழுதியிருந்தால் பிழைத்தோம்.

நர்ஸ் குறிப்பு இன்னொரு விஷயத்துக்கும் கைகொடுத்தது. லேப் ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் நேரம் பெரும்பாலும் ரிப்போர்ட் வெளியான நேரம், ரத்தம் எடுத்த நேரம் இல்லை. காலை 6 மணிக்கு எடுத்த ரத்தம் மற்ற வார்டு மாதிரிகளோடு சேர்ந்து போய் பத்தரைக்கு ரிப்போர்ட் வரும். மதியம் 2 மணிக்கு அவசரம் என்று அனுப்பியது 2.45-க்கே வந்துவிடும். அப்படி ஒரு குழந்தைக்கு, இன்னும் லைட் வைக்காத நிலையில், முதலில் 9.4, பிறகு 10.6. எட்டு மணி நேரத்தில் 1.2 ஏறியிருக்கிறது, மணிக்கு 0.15. ரிப்போர்ட் நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் இடைவெளி நாலே கால் மணி நேரம், ஏற்றம் மணிக்கு 0.28. முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு மணிக்கு 0.2 அல்லது அதற்கு மேல் ஏறினால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைகின்றனவா என்று சந்தேகிக்கச் சொல்கிறது 2022 வழிகாட்டுதல். ஆக, லேப் வரிசையில் காத்துக் கிடந்த நேரம் ஒரு குழந்தைக்கு ரத்தச் சிதைவு நோயைச் சந்தேகிக்க வைத்துவிடுகிறது. ஷீட்டில் ரத்தம் எடுத்த நேரம் என்று தெளிவாகப் போட்டு, அது நர்ஸ் குறிப்பிலிருந்து எடுக்கப்பட வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதி வைத்தோம்.

வெளியில் பிறந்த குழந்தைகள்

உள்ளே பிறந்த குழந்தைகளின் கதை இப்படி ஒரு வழியாக முடிந்தது. பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்து ரெஃபர் ஆகி வந்த குழந்தைகள்தான் பாக்கி. அவர்களுக்கு இங்கே லேபர் ரூம் ரிஜிஸ்டர் கிடையாது. ரெஃபரல் சீட்டில் நேரம் இருந்தால் உண்டு. இல்லையென்றால் அட்மிஷன் குறிப்பில் தாயோ பாட்டியோ சொன்னதை டியூட்டி டாக்டர் எழுதியிருப்பார்.

நம் வீடுகளில் ஜாதகம் கணிக்க வேண்டும் என்பதற்காகவே பிறந்த நேரத்தை நிமிஷ சுத்தமாகக் குறித்து வைப்பார்கள். ரெஃபரல் சீட்டு மறந்தாலும் பாட்டி மறக்க மாட்டார். ஆனால் அந்தப் பாட்டியின் கணக்கில் நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்குகிறது. "வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்குப் பொறந்துது" என்று அவர் சொன்னால், காலண்டர்படி அது சனிக்கிழமை அதிகாலை. கேட்டு எழுதுகிறவர் வெள்ளிக்கிழமையின் தேதியைப் போட்டு பக்கத்தில் 2 மணி என்று எழுதிவிட்டால் குழந்தைக்கு ஒரே அடியாக 24 மணி நேரம் வயது கூடிவிடும். தாய் வாய்மொழியாகச் சொன்னது என்ற குறிப்போடு, நள்ளிரவுக்கும் காலை ஆறுக்கும் இடையில் பிறந்ததாக உள்ள வரிசைகளை மட்டும் தனியாக வடிகட்டி, ரெஃபரல் சீட்டில் உள்ள தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். சிலவற்றில் உண்மையாகவே ஒரு நாள் இடித்தது.

அதனால்தான் பிறந்த நேரத்துக்குப் பக்கத்தில் `birth_src` என்று இன்னொரு காலம் வந்தது. 1 என்றால் லேபர் ரூம் ரிஜிஸ்டர் அல்லது தாயின் ஃபைல், 2 ரெஃபரல் சீட்டு, 3 குடும்பத்தார் சொன்னது, 4 தேதி மட்டும் இருக்கிறது, நேரம் எங்கும் இல்லை. ஃபோன் போட்டுக் கேட்டுவிடலாமே என்று டாக்டர் ஆசைப்பட்டார். சம்மதம் வேண்டாம் என்று வாங்கிய அனுமதி காகிதத்துக்கு மட்டும்தான். வீட்டுக்கு ஃபோன் போட்டால் அது வேறு ஆய்வு, வேறு அனுமதி.

தேதி மட்டும் உள்ளவர்களுக்குப் பகல் 12 மணி என்று வைத்துக்கொள்ளலாம் என்பது வழக்கமான யோசனை. கைடும் அதைத்தான் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நடுவில் ஒரு நேரத்தை வைத்தால் ஷீட்டில் அது நிஜ நேரம் மாதிரியே உட்கார்ந்துகொள்ளும். 12-ஆம் தேதி பிறந்து, 14-ஆம் தேதி காலை 10 மணிக்கு ரத்தம் எடுத்த குழந்தையின் வயது 34 மணிக்கும் 58 மணிக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அதுவரைக்கும்தான் நமக்குத் தெரியும். இரண்டு எல்லையையும் எழுதிக்கொண்டு, இரண்டிலும் எந்தப் பகுதியில் விழுகிறது என்று பார்த்தோம். பிலிருபின் 17 என்றால் 34 மணியிலும் 58 மணியிலும் 95-ஆவது கோட்டுக்கு மேலேதான். நேரம் தெரியாததால் நஷ்டம் ஒன்றும் இல்லை. பிலிருபின் 11 என்றால் 34 மணியில் 75-ஆவது கோட்டுக்கு மேலே, 58 மணியில் கீழே. அப்படிப்பட்டவர்களுக்குப் பகுதி என்ற காலத்தில் தீர்மானிக்க முடியாதவர் என்று ஒரு தனிக் குறியீடு.

குழந்தையின் சிவப்பணுக்களில் தாயின் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட் காலத்திலும் இதே சமாச்சாரம்தான். பழைய ஷீட்டில் பாசிட்டிவ் என்றால் 1, மற்றதெல்லாம் 0. அந்த மற்றதுக்குள் நெகட்டிவ் வந்தவர்களும் டெஸ்ட்டே செய்யாதவர்களும் ஒன்றாகக் கிடந்தார்கள். அம்மா ஆர்.ஹெச். நெகட்டிவ் என்றால் டெஸ்ட் தவறாமல் போயிருக்கும். அம்மா ஓ, குழந்தை ஏ அல்லது பி என்றால் அன்றைய டியூட்டி டாக்டரைப் பொறுத்தது. செய்யாததை நெகட்டிவ் என்று எண்ணினால் ரத்த வகைப் பொருத்தமின்மையால் வரும் காமாலை அந்த வார்டில் குறைவு என்று அட்டவணை சொல்லும். பூட்டானியின் கோடுகளே கூம்ப்ஸ் நெகட்டிவான, ஏறக்குறைய நிறைமாதக் குழந்தைகளை வைத்துப் போடப்பட்டவை என்பதால், யார் நெகட்டிவ், யாருக்குத் தெரியாது என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை. 0 நெகட்டிவ், 1 பாசிட்டிவ், 8 செய்யவில்லை, 9 அனுப்பியதாகக் குறிப்பு உண்டு, ரிசல்ட் கிடைக்கவில்லை. நர்ஸ் குறிப்பில் அனுப்பியதற்கான வரியும் இல்லை, லேப் ரிஜிஸ்டரிலும் இல்லை என்றால்தான் 8. காலியாக விட அனுமதியே இல்லை; காலி என்பது இன்னும் அந்த ஃபைலைப் பார்க்கவில்லை என்று மட்டும் பொருள்.

டாக்டர் ஏற்கெனவே எழுதிய பாதியை மறுபடி எடுக்க வேண்டி வந்தது. முகம் சுண்டித்தான் போனார். பிறகு உடன் படிக்கும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, சில ஃபைல்களை இருவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாக எடுத்தார்கள். எடை, பிலிருபின் எல்லாம் ஒத்துப்போயின. நேரக் காலங்களில் மட்டும் சிலவற்றில் சரியாக 12 மணி நேரம் இடித்தது. கையெழுத்தில் 6.30 என்று மட்டும் இருக்கும் இடங்கள் அவை. ஒருவர் காலை என்று எடுத்திருக்கிறார், மற்றவர் மாலை என்று. அதே பக்கத்தில் முன்னும் பின்னும் உள்ள நர்ஸ் குறிப்புகளின் நேரத்தைப் பார்த்து முடிவு செய்வது என்று விதிப் புத்தகத்தில் ஒரு வரி சேர்ந்தது. அப்படியும் தெரியாவிட்டால் மேலே சொன்ன இரண்டு எல்லை முறை.

புதிய வரைபடத்தில் கம்பங்கள் காணாமல் போய், 20-க்கும் 110-க்கும் இடையில் மேடும் பள்ளமுமாக ஒரு பரவல் வந்தது. கைடு பார்த்துவிட்டு, எல்லாம் சரி, தீசிஸின் முதல் அட்டவணையில் டே ஒன், டே டூ என்றும் ஒரு வரி இருக்கட்டும், எக்ஸாமினர் கேட்பார் என்றார். மணியைக் கொண்டு நாளைக் கணக்கிட்டுப் போட்டுக் கொடுத்தோம். 0 முதல் 24 மணிக்குள் என்றால் முதல் நாள் என்று அடிக்குறிப்போடு. அந்த 30.3 மணிக் குழந்தை இப்போது இரண்டாம் நாள் வரியில் இருக்கிறது. கேஸ் ஷீட்டில் இன்னும் டே த்ரீ.